அடம் பிடித்தால் கிடைக்கும் என்று யார் சொல்லிக்கொடுத்தது?

சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அந்தப் பிள்ளையின் மனதுக்குள் என்ன கோளாறு என்றுதான் நாம் முதலில் தேடுவோம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வேலை செய்த உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன் வேறோர் இடத்தில் தேடினார். 1960களிலிருந்து அவரும் அவருடைய குழுவினரும் இப்படிப்பட்ட பிள்ளைகளின் வீடுகளுக்கே போய் உட்கார்ந்தார்கள். யார் என்ன சொன்னார், அதற்கு மற்றவர் என்ன செய்தார், அடுத்த கணம் என்ன நடந்தது என்று விடாமல் குறித்துக்கொண்டார்கள். அப்படிச் சேர்ந்த குறிப்புகளிலிருந்து அவர் கண்டுகொண்டதை 1982இல் ஒரு நூலாக எழுதினார். இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகளின் எதிர்ப்பு நடத்தைக்குத் தரப்படும் பெற்றோர் பயிற்சிகளில் பெரும்பாலானவை அந்தக் குறிப்புகளுக்குக் கடன்பட்டவை.

அவர் கண்டது என்ன என்பதை நம் ஊர் வீடு ஒன்றில் வைத்துப் பார்ப்பது எளிது. திருச்சியில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஆறு வயதுப் பையன், ஒன்றாம் வகுப்பு. அம்மா ஆறரை மணிக்கு வேலையிலிருந்து வருகிறார். அப்பா வர ஒன்பது ஆகிவிடும். வீட்டில் பாட்டி இருக்கிறார். பையன் கையில் மொபைல்.

அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறார்: “மொபைலைக் கீழ வெச்சிட்டு ஹோம்வொர்க் எடுடா.” பதில் இல்லை. மறுபடியும் சொல்கிறார். மூன்றாவது முறை குரல் ஏறுகிறது. பையன், “முடியாது போ” என்கிறான். அம்மா வெளியே வந்து மொபைலைப் பிடுங்குகிறார். அவன் தரையில் விழுந்து கத்துகிறான், நோட்டை வீசுகிறான், அம்மாவின் காலை உதைக்கிறான். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது. “ஏம்மா, வந்ததும் வராததுமா புள்ளைய ஏன் அழ வைக்கிற? அஞ்சு நிமிஷம் பார்த்துட்டுத் தரட்டும்” என்கிறார் பாட்டி. களைத்துப் போன அம்மா மொபைலைத் திருப்பிக் கொடுக்கிறார். அழுகை சட்டென்று நிற்கிறது.

அழுகை நின்ற அந்தக் கணத்தில் இரண்டு பேர் பாடம் கற்கிறார்கள். முடியாது என்று சொன்னால் கிடைக்காதது, உதைத்தால் கிடைக்கிறது என்று பையன் கற்கிறான். விட்டுக்கொடுத்தால் இந்தக் கத்தல் நின்றுவிடும் என்று அம்மா கற்கிறார். யாரும் யோசித்துக் கற்பதில்லை. அம்மாவைக் கேட்டால், “நான் கண்டிப்பாத்தான் இருக்கேன், அன்னைக்கு ஒரு நாள்தான் கொடுத்தேன்” என்பார். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் எப்போதாவது கிடைக்கும் வெற்றிதான் பழக்கத்தை மிகக் கெட்டியாக்குகிறது. பத்து தடவையில் இரண்டு தடவை கிடைத்தாலும், இது அந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம் என்று பையன் பத்து தடவையும் முழு பலத்தோடு முயல்வான். நாளடைவில் அவன் முதல் இரண்டு படிகளைத் தாண்டிவிட்டு நேரே உதைப்பதிலிருந்து தொடங்குவான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒன்பது மணிக்கு அப்பா வருகிறார். அன்றைக்கு நடந்ததைக் கேட்டுக் கோபத்தில் முதுகில் ஓங்கி இரண்டு வைக்கிறார். பையன் உடனே அடங்குகிறான். அடித்தால் வேலை நடக்கிறது என்று அப்பாவும் கற்றுக்கொள்கிறார். மறுநாள் மாலை ஆறரை மணிக்கு எதுவும் மாறியிருக்காது. ஆனால் அப்பாவின் கண்ணில் பட்டது அடங்கிய பையன் மட்டும்தான். அதனால் அவர் தன் மனைவியைப் பார்த்து, “எங்கிட்ட ஒழுங்காத்தானே இருக்கான்? நீ செல்லம் கொடுக்கிற” என்பார். இப்படி ஒருவர் விடுவதும் ஒருவர் அடிப்பதுமாக, ஒருவரை ஒருவர் வருத்தி வழிக்குக் கொண்டுவரும் ஒரு சுழல் வீட்டில் உருவாகிவிடுகிறது. பேட்டர்சன் விவரித்தது இந்தச் சுழலைத்தான்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இந்தச் சுழலைக் காட்டுவது பெற்றோர் மேல், குறிப்பாக அம்மாவின் மேல், பழி போடுவதற்காக அல்ல. சில பிள்ளைகள் பிறவியிலேயே சட்டென்று கொதிக்கும் சுபாவத்தோடு வருகிறார்கள். அதே அம்மாவிடம் வளர்ந்த அக்கா சாதுவாக இருப்பாள். கொதிக்கும் பிள்ளையிடம் எந்தப் பெற்றோரும் இந்தச் சுழலில் விழுவது எளிது. “வளர்ப்பு சரியில்லை” என்று உறவுக்காரர்கள் சொல்லும் ஒரு வார்த்தை, உதவி தேடிப் போக வேண்டிய அம்மாவைப் பல வருடம் வீட்டுக்குள் முடக்கிவிடுகிறது. பெற்றோருக்குப் பயிற்சி தருவதற்குக் காரணம் அவர்கள் குற்றவாளிகள் என்பதல்ல. வாரத்துக்கு ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்க்கும் நிபுணரால் மாற்ற முடியாததை, தினமும் கூடவே இருப்பவர்களால் மாற்ற முடியும் என்பதுதான் காரணம்.

அடம் பிடிக்கிற பிள்ளை எல்லாருக்கும் சிகிச்சை தேவையா என்றால், இல்லை. இரண்டு மூன்று வயதில் “மாட்டேன்” என்பது வளர்ச்சியின் ஓர் அடையாளம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேடு, ஆப்போசிஷனல் டிஃபையன்ட் டிஸார்டர் என்ற நிலைக்கு எட்டு அறிகுறிகளைச் சொல்கிறது. அடிக்கடி கட்டுமீறிக் கோபப்படுவது, எளிதில் சீண்டப்படுவது, பெரியவர்களோடு வாதாடுவது, சொன்னதை வேண்டுமென்றே மறுப்பது, தன் தவறுக்கு அடுத்தவரைக் கைகாட்டுவது போன்றவை அவை. குறைந்தது நான்கு அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். கூடப் பிறந்தவர்களோடு போடும் சண்டை மட்டும் கணக்கில் வராது. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலான நாட்களிலும், அதற்கு மேல் என்றால் வாரத்துக்கு ஒரு தடவையாவதும் இது நடக்க வேண்டும். வீட்டையோ பள்ளியையோ நட்பையோ இது பாதிக்கிறதா என்பதும் கேள்வி. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ஓ.டி.டி. என்பார்கள்.

சிகிச்சைக்கு வருவோம். ஓரிகனில் இன்னொரு உளவியலாளர் இருந்தார், கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப். 1960களின் இறுதியில் அவர் ஒரு முறையை வகுத்தார். அதற்கு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் பெற்றோர் பிள்ளையின் விளையாட்டுக்குப் பின்னால் போகக் கற்க வேண்டும். அது கைவந்த பிறகுதான் இரண்டாம் கட்டம்: கட்டளை இடுவதும், கேட்காவிட்டால் விளைவைத் தருவதும். ஷீலா ஐபெர்க் உருவாக்கிய பெற்றோர்–குழந்தை ஊடாட்டச் சிகிச்சை, கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் உருவாக்கிய ‘இன்க்ரெடிபிள் இயர்ஸ்’ என்ற பயிற்சி ஆகியவை ஹான்ஃபின் வழியில் வந்தவை. பெயர்கள் வேறானாலும் அந்த வரிசை மாறவில்லை.

வரிசை இங்கே உயிர்நாடி. உதவி கேட்டு வரும் பெற்றோர் எல்லாரும் இரண்டாம் கட்டத்தையே கேட்கிறார்கள்: “என்ன தண்டனை கொடுத்தா கேப்பான்?” முதல் கட்டத்தைத் தாண்டிக் குதித்தால் இரண்டாம் கட்டம் சரியாக வேலை செய்யாமல் போகலாம். காரணம் எளிது. நாள் முழுக்கத் திட்டு மட்டுமே வாங்கும் பிள்ளைக்குப் பெற்றோரின் கவனம் என்பதே திட்டு வடிவில்தான் கிடைக்கிறது. அவனை ஒதுக்கி உட்கார வைத்தால் அவன் எதையும் இழப்பதில்லை. இழக்கும்படியான ஒன்று முதலில் அவன் கையில் இருக்க வேண்டும்.

நம் திருச்சி வீட்டுக்கு முதல் வாரம் தரப்படும் வேலை, மாற்றம் எதையும் செய்யாமல் எழுதி வைப்பது மட்டும். எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, பையன் என்ன செய்தான், எவ்வளவு நேரம், அதன் பின் என்ன கிடைத்தது. ஐந்து கட்டம் போட்ட ஒரு தாள் போதும். வாரக் கடைசியில் அம்மா அந்தத் தாளைப் பார்க்கிறார். “நாள் பூரா இப்படித்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, சண்டைகளில் பெரும்பகுதி ஆறரையிலிருந்து எட்டு மணிக்குள் நடப்பது தெரிகிறது. அநேகமாக எல்லாமே அடுப்படியிலிருந்து கொடுத்த குரலில் தொடங்கியிருக்கின்றன. பையன் பள்ளியிலிருந்து வந்து சரியாகச் சாப்பிடாத நாட்களில் சண்டை நீண்டிருக்கிறது. கடைசிக் கட்டத்தில் பல நாள் “மொபைல் கொடுத்தோம்” என்றே எழுதியிருக்கிறது.

அடுத்து, தினமும் பத்து நிமிட விளையாட்டு. சின்னதாகத் தோன்றும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். பையன் விளையாட்டைத் தேர்ந்தெடுப்பான். அம்மா கட்டளை இடக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது, குறை சொல்லக்கூடாது. “இது என்ன கலர்?” என்று பாடம் நடத்துவதும் கூடாது. அவன் செய்வதை வாயால் சொல்லிக்கொண்டே போகலாம்: “சிவப்புக் கட்டையை மேல வெச்சிட்ட. இப்ப பாலத்துக்குக் கீழ லாரி வருது.” அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லலாம். அவனைப் போலவே தானும் ஒரு பாலம் கட்டலாம். ஐபெர்க்கின் சிகிச்சையில் நிபுணர் ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, பெற்றோரின் காதில் மாட்டிய சிறு கருவி வழியாக அந்தந்தக் கணத்திலேயே திருத்துவார். ஐந்து நிமிடத்துக்குள் பத்து குறிப்பான பாராட்டு, பத்து விவரிப்பு, பத்து தடவை பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்வது, கேள்வியும் கட்டளையும் குறையும் சேர்ந்து மூன்றுக்கு மேல் போகாதது. இவ்வளவையும் எட்டிய பிறகே அடுத்த கட்டத்துக்கு அனுப்புவார்கள். அன்பு இருந்தால் போதாது, பயிற்சி வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஒரு விதி: அன்று மாலை பையன் எவ்வளவு அட்டகாசம் செய்திருந்தாலும் இந்தப் பத்து நிமிடத்தை ரத்து செய்யக்கூடாது. இது பரிசு அல்ல. மருந்து வேளை தவறக்கூடாது.

இனி பாராட்டு. நம் வீடுகளில் பிள்ளையை வாய்விட்டுப் பாராட்டத் தயங்குகிறோம். கண் பட்டுவிடும் என்பார் பாட்டி. தலைக்கேறிவிடும் என்பார் அப்பா. ஒழுங்காக உட்கார்ந்திருக்கும்போது சும்மா விட்டுவிட்டு, எழுந்து குதித்ததும் பெயர் சொல்லி அழைக்கிறோம். பெயர் கேட்க வேண்டுமென்றால் குதிக்க வேண்டும் என்று அவனுக்குப் புரிகிறது. பயிற்சி இதைத் தலைகீழாக்குகிறது. பெரிய சாதனைக்குக் காத்திருக்காமல், சண்டை இல்லாத ஒரு நிமிடத்தைப் பிடித்துச் சொல்ல வேண்டும். அதையும் “குட் பாய்” என்று பொதுவாகச் சொன்னால் எதைச் செய்ததற்கு என்று அவனுக்குத் தெரியாது. “நான் சொன்னதும் மொபைலை மேசை மேல வெச்சியே, ரொம்ப நல்லா இருந்துச்சுடா கண்ணா” என்று செய்த காரியத்தைப் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். செய்த உடனே, பக்கத்தில் போய், முதுகில் ஒரு தட்டுத் தட்டி. யேல் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் இந்தப் பயிற்சியை நடத்தி ஆராய்ந்த ஆலன் காஸ்டின் இந்த மூன்றையும் வலியுறுத்துகிறார்: உற்சாகமான குரல், செய்த காரியத்தின் பெயர், ஒரு தொடுதல்.

பாராட்டைக் கெடுப்பது அதன் வால். “இன்னைக்கு ஒழுங்கா எழுதிட்டியே! தினமும் இப்படி இருந்தா என்ன?” என்ற இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தைக் கொன்றுவிடுகிறது. பையன் காதில் விழுவது நேற்றைய குற்றம்தான். வாலை வெட்ட அம்மாவுக்குச் சில வாரங்கள் பிடிக்கும். பல பெற்றோருக்கு இந்தப் பயிற்சியிலேயே கடினமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்த வாலில் பல மாத வருத்தம் தேங்கிக் கிடக்கிறது.

பாராட்டின் மறுபாதி, கண்டுகொள்ளாமல் இருப்பது. சிணுங்கல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, “நீ மோசமான அம்மா” என்ற பேச்சு இவற்றுக்குப் பதில் சொல்லாமல், முறைக்காமல், வேறு வேலையைப் பார்க்க வேண்டும். நிறுத்தி நல்ல குரலில் பேசிய உடனே திரும்பிக் கவனம் தர வேண்டும். அடிப்பது, பொருளை உடைப்பது, மாடிச் சுவரில் ஏறுவது போன்றவற்றைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது. அவை இரண்டாம் கட்டத்துக்கு உரியவை.

இரண்டாம் கட்டம் கட்டளையிலிருந்து தொடங்குகிறது. தண்டனையைத் தொடுமுன் கட்டளையின் தரத்தைச் சரிசெய்தாலே பல வீடுகளில் பாதிச் சண்டை குறைகிறது. அம்மா அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போகிறார். தோளைத் தொடுகிறார். கண்ணைப் பார்த்து, சாதாரணக் குரலில், “மொபைலை மேசை மேல வை” என்கிறார். ஒரே ஒரு வேலை. “மொபைலை வெச்சிட்டு, கையக் கழுவிட்டு, பையை எடுத்துட்டு வா” என்பது ஆறு வயதுக்கு மூன்று கட்டளைகள். “ஹோம்வொர்க் பண்ணலாமா?” என்று கேட்டால் அது கேள்வி, “வேணாம்” என்பது அதற்குச் சரியான பதில். சொன்ன பிறகு அம்மா மனதுக்குள் ஐந்து எண்ணுகிறார். அந்த ஐந்து நொடியில் மறுபடி சொல்வதில்லை, கத்துவதில்லை. வைத்தால் உடனே பாராட்டு.

வைக்கவில்லை என்றால் ஒரே ஓர் எச்சரிக்கை: “இப்ப வைக்கலேன்னா, நாற்காலியில மூணு நிமிஷம் உட்காரணும்.” மறுபடி ஐந்து நொடி. அதன் பிறகு சொன்னது நடக்க வேண்டும். டைம் அவுட் என்று இதைச் சொல்கிறார்கள். நாற்காலி கூடத்தின் ஓரத்தில், அம்மா கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். டிவியும் பொம்மையும் இல்லாத சலிப்பான இடமாக இருந்தால் போதும்; பயமுறுத்தும் இடமாக இருக்கக்கூடாது. இருட்டறை, குளியலறையில் பூட்டுவது, வாசலுக்கு வெளியே நிறுத்துவது எல்லாம் இதில் சேராது, அவை பிள்ளையை வதைப்பது. மூன்று நிமிடமும் யாரும் அவனிடம் பேசுவதில்லை. கடைசிச் சில நொடி அமைதியாக இருந்தால் முடிந்தது. நேரத்தை நீட்டினால் பலன் கூடும் என்பது தவறு. வேலை செய்வது நிமிடங்களின் எண்ணிக்கை அல்ல, சொன்னது உடனே நடந்தது என்பதுதான்.

முடிந்ததும் அம்மா புத்திமதி சொல்வதில்லை. அதே கட்டளையைத் திரும்பச் சொல்கிறார்: “மொபைலை மேசை மேல வை.” இதை விட்டால், நாற்காலியில் உட்கார்ந்தால் வேலையிலிருந்து தப்பலாம் என்று அவன் கற்பான். வைத்த பிறகு சின்னதாக ஒரு “சரி”, அடுத்து அவன் செய்யும் முதல் நல்ல காரியத்துக்கு முழுப் பாராட்டு.

நாற்காலிக்கே வர மறுத்தால்? பிடித்து இழுக்கத் தொடங்கினால் பழைய சுழல் திரும்பிவிடும். “சரி, நாளைக்கு மொபைல் கிடையாது” என்று ஒருமுறை சொல்லிவிட்டு அம்மா நகர்ந்துவிட வேண்டும். மறுநாள் அது கிடைக்கவும் கூடாது. இங்கேதான் நம் வீட்டு மிரட்டல்கள் தோற்கின்றன. “போலீஸ்கிட்ட புடிச்சுக் கொடுத்துடுவேன்”, “ஹாஸ்டல்ல சேர்த்துடுவேன்”, “ஒரு மாசத்துக்கு மொபைலே கிடையாது” என்று சொல்கிறோம். முதல் இரண்டும் நடக்காது, மூன்றாவது மூன்று நாளில் தளர்ந்துவிடும். பெரிய விளைவை எப்போதாவது தருவதைவிட, சின்ன விளைவை ஒவ்வொரு தடவையும் தருவதுதான் பிள்ளையின் நடத்தையை மாற்றுகிறது.

இதோடு ஒரு நட்சத்திர அட்டையும் சேரும். நம் பையனுக்கு இரண்டே வேலை: சொன்னதும் மொபைலை வைப்பது, ஏழு மணிக்கு நோட்டை எடுத்து உட்கார்வது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரம். இரண்டும் கிடைத்த நாளில் அவன் கேட்கும் கதையை அப்பா படுக்கையில் சொல்வார். வாரத்தில் எட்டு சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வண்டியில் காவிரிக் கரைக்கு ஒரு சுற்று. காசு செலவில்லாத, அன்றன்றைக்கே கைக்கு வரும் பரிசே நல்லது. வாங்கிய நட்சத்திரத்தைக் கோபத்தில் பிடுங்கக்கூடாது. “இது லஞ்சம் இல்லையா?” என்று தாத்தாக்கள் கேட்பார்கள். அழுகையை நிறுத்துவதற்காக அந்த நேரத்தில் நீட்டுவது லஞ்சம். முன்கூட்டிப் பேசி, வேலை முடிந்த பின் கொடுப்பது கூலி. பழக்கம் ஊன்றியதும் சில வாரங்களில் அட்டை மெல்ல விலக்கப்படும், பாராட்டு மட்டும் நிற்கும்.

எல்லாம் தொடங்கிய முதல் சில நாட்களில் பையன் முன்பைவிட மோசமாவான். இதை முன்கூட்டியே சொல்லாத பயிற்சியாளர் பெற்றோரை இழந்துவிடுவார். இதுவரை மூன்று நிமிடம் கத்தினால் கிடைத்தது இன்று கிடைக்கவில்லை என்றால், ஆறு நிமிடம் கத்திப் பார்ப்பதுதான் இயல்பு. அம்மாவின் தாளில் அழுகையின் நீளம் முதல் சில நாட்கள் ஏறும், பிறகு இறங்கத் தொடங்கும். ஏற்றத்தின் உச்சியில், பத்தாவது நிமிடத்தில், மனம் இளகிப் பாட்டி மொபைலை நீட்டிவிட்டால் நடப்பது ஒன்றுதான்: இனி பத்து நிமிடம் கத்த வேண்டும் என்று பையன் தெரிந்துகொள்கிறான். தொடங்காமலே இருந்ததைவிட நிலைமை கெடும்.

அதனால்தான் கூட்டுக் குடும்பங்களில் இந்தப் பயிற்சி அம்மாவோடு நின்றால் தோற்கும். பாட்டியைத் தடையாகப் பார்ப்பதும் தவறு. மாலை முழுக்க அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். அழுகையைத் தாங்கும் சக்தி அவருக்குக் குறைவாக இருப்பதில் வியப்பில்லை. பயிற்சிக்கு அவரையும் அழைத்துத் தாளைக் காட்டினால் பலர் முதல் பார்வையிலேயே புரிந்துகொள்வார்கள். நம் வீட்டில் பாட்டிக்கு ஒரு வேலை தரப்படுகிறது: பையன் பள்ளியிலிருந்து வந்ததும் நன்றாகச் சாப்பிட வைப்பது, அழுகை தொடங்கினால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவது. அப்பாவுக்கும் ஒரு வேலை. ஒன்பது மணிக்கு வந்ததும் “இன்னைக்கு என்ன பண்ணினான்?” என்று கேட்கக்கூடாது, “இன்னைக்கு எத்தனை ஸ்டார்?” என்று பையனிடமே கேட்க வேண்டும். ஆறரை மணிச் சண்டைக்கு ஒன்பது மணி அடி எந்தப் பாடத்தையும் தருவதில்லை. வந்ததும் அடி விழும் என்றால் அப்பா வரும் நேரமே பயமாகிவிடும்.

மாற்றத்துக்கு எவ்வளவு நாள்? இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டி, மூன்று முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தக் குழுப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது: பத்து முதல் பதினாறு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அமர்வுகளில் பெரும்பகுதி உரை கேட்பது அல்ல, நடித்துப் பார்ப்பது. பயிற்சியாளர் பையனாகி அடம் பிடிப்பார், அம்மா ஐந்து நொடி வாயைத் திறக்காமல் நிற்கப் பழகுவார். நம் பையனுக்கு மூன்று மாதத்துக்குப் பிறகும் சண்டைகள் இருக்கும். ஆனால் தினமும் வந்தது வாரத்துக்கு ஒன்றிரண்டாகும், அரை மணி நீண்டது ஐந்து நிமிடத்தில் முடியும். காய்ச்சல், ஊர்ப் பயணம், பண்டிகை விடுமுறை வந்தால் பழையது எட்டிப் பார்க்கும். அப்போது புதிதாக ஒன்றைத் தேட வேண்டாம். மீண்டும் தாளை எடுத்து, பத்து நிமிட விளையாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பலிக்காது. பதின்ம வயதில் நாற்காலியும் நட்சத்திரமும் செல்லுபடியாகாது. அங்கே பேசி ஒப்பந்தம் போடுவதும், எங்கே யாரோடு இருக்கிறான் என்று தெரிந்து வைத்திருப்பதும் முக்கியம். வீட்டில் குடியும் அடிதடியும் இருந்தால் முதலில் பாதுகாப்பு, பிறகுதான் பயிற்சி. அம்மா மன அழுத்த நோயில் இருந்தால் உற்சாகமான குரலில் பாராட்டச் சொல்வது கொடுமை. அவருக்கு முதலில் சிகிச்சை வேண்டும். சொன்னதைக் கேட்காததுபோலத் தெரிவது சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே காது கேளாமையாக இருக்கும். ஹோம்வொர்க் என்றதும் மட்டும் வெடிக்கும் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டுவதில் சிரமம் இருக்கலாம். கற்றல் குறைபாட்டை நாற்காலி தீர்க்காது. கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.ஹெச்.டி. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு உண்டு, அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது. பயத்தில் மறுக்கும் பிள்ளையும் இருக்கிறது: பள்ளிக்குப் போக மாட்டேன் என்று உருண்டு புரள்பவனை அங்கே யாராவது அடிக்கிறார்களா, சீண்டுகிறார்களா என்று விசாரிக்காமல் விளைவு பற்றிப் பேசவே கூடாது. முன்பு நன்றாக இருந்த பிள்ளை திடீரென மாறியிருந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும்.

எனவே வீட்டில் தானாகத் தொடங்கக்கூடியவை எழுதி வைப்பது, பத்து நிமிட விளையாட்டு, வாலில்லாத பாராட்டு, பக்கத்தில் போய்ச் சொல்லும் ஒற்றைக் கட்டளை ஆகியவை. இவற்றால் யாருக்கும் தீங்கு வராது. நான்கைந்து வாரம் தவறாமல் செய்தும் தாளில் மாற்றம் இல்லை, அல்லது பிள்ளை தன்னையோ பிறரையோ காயப்படுத்துகிறான் என்றால் குழந்தைகள் மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் முதலில் காட்டலாம். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். போகும்போது அந்த ஐந்து கட்டத் தாள்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். “ரொம்ப அடம் டாக்டர்” என்று சொல்வதைவிட, எத்தனை மணிக்கு, யார் சொன்னபோது, எவ்வளவு நேரம், கடைசியில் என்ன கிடைத்தது என்பதே அவருக்குத் தேவையான தகவல்.